நூற்று ஐம்பதாவது சென்டிமீட்டர்

என் நைனா எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் செக்ஷனில் இருந்தார். மற்றவர்கள் செய்து கொண்டுவரும் இரும்புச் சாமானை, ட்ராயிங் என்ற வரைபடத்தில் போட்ட அளவுக்கு இருக்கிறதா என்று அளந்து பார்த்து, சரியாக இருந்தால் தன் நம்பர் செதுக்கிய ‘பஞ்ச்’ என்ற எஃகு அச்சை வைத்து ஒரு தட்டுத் தட்டுவார். அளவு தப்பினால் சிவப்பு பெயிண்ட். சிவப்பு விழுந்தால் அந்தப் பீஸ் ரிஜெக்ட், நேராகக் கழிவுக் குவியலுக்குத்தான். யார் கெஞ்சினாலும் மாற்றமாட்டார். "முடி அளவு கம்மின்னாலும் கம்மிதான்" என்பார். இந்தச் சிவப்பு பெயிண்ட் கதைகளைக் கேட்டுக்கொண்டேதான் நான் சோறு தின்று வளர்ந்தேன். வளர்ந்தேன் என்று சொல்கிறேனே, அதுதான் இங்கே பிரச்சினை.

பத்து வயதில் நான் நூற்றுப் பதினான்கு சென்டிமீட்டர். ஆறு வயதுப் பிள்ளைகளோடு நிறுத்தினால் யாருக்கும் சந்தேகம் வராது. பள்ளியில் என் பட்டப்பெயர் முக்கால். பக்கத்து வீட்டு அத்தை ஆறுதல் சொல்வதாக நினைத்து, "கடுகு சிறுத்தாலும் காரம் போவாதும்மா" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாராவது ஒருவர் என்னைக் கடுகு என்று சொல்லாமல் ஒரு வாரம் போனதில்லை. ஒருநாள் பொறுக்காமல், "அப்ப நீங்க இன்னா பூசணிக்காயா?" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் அடி வாங்கினேன்.

குள்ளம் மட்டும் இல்லை. பிறந்தபோதே நெஞ்சில் ஒரு சத்தம் கேட்கிறது என்றார்களாம். நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் இருக்கும் வால்வு தடித்து, குறுகிப்போயிருந்தது. ஏழு வயதில் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தொடை வழியாகக் குழாய் விட்டு, பலூன் ஊதி, அதை விரித்தார்கள். அப்புறம் ஓடினால் மூச்சு வாங்குவது குறைந்தது. உயரம் மட்டும் அசையவில்லை. பூஸ்ட், முட்டை, கம்பியில் தொங்குவது எல்லாம் பார்த்தாயிற்று. கை வலித்ததுதான் மிச்சம்.

தொண்ணூற்றைந்தில், நெஞ்சைப் பார்த்த டாக்டரே எங்களை இன்னொரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா உயரத்தை முதலில் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்கள் அகலமாகத் தள்ளி இருந்தன, இமை கொஞ்சம் தொங்கியது, காது கீழே இறங்கியிருந்தது, கழுத்தின் இருபக்கமும் தோல் மடிந்து விரிந்திருந்தது. "லேசா இடிச்சாக்கூட நீலமாக் கன்னிப்போகுமா?" என்று கேட்டார். அம்மா வாயைப் பிளந்தாள். வீட்டில் இருந்து பார்த்த மாதிரி இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

முதலில் பெண் பிள்ளைகளுக்கு வரும் டர்னர் என்ற ஒன்றாக இருக்குமோ என்று ரத்தம் எடுத்து குரோமோசோம் பார்த்தார்கள். அது சுத்தமாக இருந்தது. அப்புறம்தான் நூனன் என்ற பெயரைக் கேட்டோம். "இதுக்குன்னு தனியா ரத்தப் பரிசோதனை கிடையாது. முகம், நெஞ்சு, உயரம் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்றோம். கருவிலேயே வர்றது. நீங்க சாப்பிட்டது, சாப்பிடாதது எதனாலயும் இல்லை" என்றார். பத்து வருடமாக என் குள்ளத்துக்குத் தன்னையே காரணமாக நினைத்துக்கொண்டிருந்த அம்மா, அங்கேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் அதற்கு முன் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும். நூனன் உள்ள சிலருக்கு இதயத் தசை தடித்துப்போகும். அப்படி இருந்தால் ஊசியை யோசித்துத்தான் தொடவேண்டும். எனக்குத் தசை சரியாக இருந்தது. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருதரம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார்.

"எவ்ளோ வளருவா டாக்டரம்மா?" என்று நைனா கேட்டார்.

"ஊசி இல்லாம எங்க நின்னிருப்பாளோ, அதுக்கு மேல சில சென்டிமீட்டர். அஞ்சு இருக்கலாம், அதுக்கு மேலயும் இருக்கலாம், குறைவாவும் இருக்கலாம். உயரமான பொண்ணா மாத்திடும்னு நெனைக்காதீங்க. வருஷக்கணக்கில் போடணும்."

நைனா தலையாட்டினார். தலையாட்டியவர் வீட்டுக்கு வந்து என்ன செய்தார் தெரியுமா? சமையலறைக் கதவு நிலையில் இரும்பு ஸ்கேலைப் பதித்தார். தலைமேல் வைக்க ஒரு மூலைமட்டக் கட்டை செய்தார். மேலே, நூற்று ஐம்பதில், மரத்தில் கூரான கம்பியால் ஒரு கோடு கீறி அதற்கு நீல மை தடவினார். "ட்ராயிங்னா ஒரு சைஸு வேணும்ல? இதான் நம்ம சைஸு" என்றார். டாக்டர் சொன்ன எண் இல்லை அது. அவராகப் போட்ட எண். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான்: அந்தக் கோட்டைத் தொடாவிட்டால் நைனா கையில் ரிஜெக்ட் ஆகும் பீஸ் நான்தான்.

ஊசி தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும். பொடியில் தண்ணீரை விட்டு, குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவில் மெல்ல உருட்டிக் கரைக்கவேண்டும். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. பூசணிக்காய் அத்தை வீட்டில்தான் இருந்தது. அவள் தயிருக்கும் புளிச்ச மாவுக்கும் நடுவில் என் உயரம் உட்கார்ந்திருந்தது. கரண்ட் போனால் அத்தையே ஐஸ் டப்பாவோடு ஓடிவருவாள். அதற்கப்புறம் அவள் என்னை எத்தனை கடுகு சொன்னாலும் நான் வாயைத் திறக்கவில்லை. தொடையில் கன்றிப்போன இடத்தில் அம்மா ஊதுவாள். இரவுச் சாம்பாரும் ஊசியும் சேர்ந்தே வந்ததால், இப்போதும் சாம்பார் தாளிக்கும் வாசனை வந்தால் எனக்குத் தொடை லேசாகச் சுருக்கென்கிறது. அதில்கூட ஒரு சுகம் இருக்கிறது, என்ன செய்ய?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நைனா கேட்பாரா? மாதா மாதம் முதல் சனிக்கிழமை. குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் ஒட்டவேண்டும். அப்போது அவருக்கு மத்தியானம் தொடங்கும் ஷிஃப்ட். அதனால் நான் பாயை விட்டு எழுந்ததுமே அளப்பார். நூற்றுப் பதினான்கு. பதினான்கு புள்ளி ஆறு. பதினைந்து புள்ளி மூன்று. பதினைந்து புள்ளி ஒன்பது. நோட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுத்து, பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார்.

அப்புறம் அவரைப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். அக்டோபர் மாதச் சனிக்கிழமை வேலை முடிந்து வந்து, மாலையில் அளந்தார். பதினைந்து புள்ளி ஐந்து. திரும்ப அளந்தார். மூன்றாம் தடவையும் அதே.

"இன்னாடி இது, கொறஞ்சிகீது?" என்றார். குரலே மாறிவிட்டது.

அம்மாவிடம் பாய்ந்தார். "மருந்தக் குலுக்கிட்டியா?" அத்தை வீட்டு ஃப்ரிட்ஜைத் திட்டினார். என்னைப் பார்த்து, "ஒழுங்கா நில்லு" என்று கத்தினார். மறுநாள் ஞாயிறு சாயங்காலமும் அதே எண் வந்ததும் நோட்டை மூடினார். "வேலை செய்யாத மருந்த, நெஞ்சுக் கோளாறு இருக்கற கொழந்தைக்கு எதுக்குக் குத்தணும்? வேணாம். நிறுத்து" என்றார். பதினோரு நாள் ஊசி இல்லை. முதல் நாள் எனக்குக் கொண்டாட்டம். இரண்டாம் நாள் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சிவப்பு பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

டாக்டரம்மா வரச் சொல்லியிருந்த நாள் வந்ததும், பங்காருபேட்டை வழியாக விடியற்கால ரயிலில் பெங்களூருக்குப் போனோம். வேலைக்குப் போகிறவர்கள் சீட்டாட்டத்தில் இருந்தார்கள். நைனா நோட்டை மடியில் வைத்திருந்தார். டாக்டரம்மா அளந்துவிட்டு, "நல்லாத்தானே வளர்ந்திருக்கா?" என்றார். நைனா நோட்டை நீட்டினார். அந்த அம்மா புள்ளிகளைப் பார்த்தார்.

"இந்த முதல் நாலும் எப்ப எடுத்தீங்க?"

"காலைல, எழுந்த உடனே."

"கடைசி?"

"சாயங்காலம். ஷிஃப்ட் முடிஞ்சி."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஐயா, நீங்க, நான், எல்லாருமே சாயங்காலத்துல ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் குள்ளமாயிடறோம். நாள் பூரா நின்னு, நடந்து முதுகெலும்பு அமுங்கும். படுத்து எழுந்தா திரும்ப வந்துடும். ஒரே நேரத்துல அளக்கணும்." ஊசியை நிறுத்திய விஷயம் தெரிந்ததும் சிரிப்பு நின்றது. "கேக்காம நிறுத்தலாமா நீங்க?" என்று நன்றாகவே திட்டினார். அன்று எக்கோவும் பார்த்தார்கள். தசை தடிக்கவில்லை. அன்றைக்கே ஊசி மறுபடி ஆரம்பம்.

வெளியே வந்து நைனா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். "செக்ஷன்ல இருவது டிகிரி சூட்டுல வச்சிதான் அளப்போம் பாப்பா. சூடு ஏறுனா இரும்பே நீளும்னு கத்துக்குடுக்கறவன் நானு. இரும்புக்குப் பாத்தேன், ஒனக்குப் பாக்கல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நைனா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் அழுகை வந்தது. அவர் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல், "தோசை வாங்கிக் குடு நைனா" என்றேன்.

முதல் வருடம் ஏழரை சென்டிமீட்டர் வந்தது. அதற்கு முன் வருடத்துக்கு நாலுதான். அடுத்தடுத்த வருடங்களில் வேகம் குறைந்தது. அது இயல்பு என்றார்கள். வயதுக்கு வந்ததும் தாமதமாகத்தான், பதினான்கு கழிந்து. அத்தை வீட்டு ஃப்ரிட்ஜ் ஒருமுறை மாறியது. என் பட்டப்பெயர் மட்டும் மாறவே இல்லை.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடிய வருடம், இரண்டாயிரத்து ஒன்று. எனக்குப் பதினாறு. மணிக்கட்டு எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "எலும்பு முனை கிட்டத்தட்ட மூடிடுச்சு. இனிமே ஊசி போட்டுப் பிரயோஜனமில்லை. நல்லாவே வந்திருக்கா. நெஞ்சை மட்டும் ஆயுசுக்கும் பார்த்துக்கணும்" என்றார். ரயிலில் நைனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். நீலக் கோட்டுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை, எழுந்ததும் நிலையில் போய் நின்றேன். கட்டை தலையில் உட்கார்ந்தது. நூற்று நாற்பத்தேழு புள்ளி ஒன்று. கோடு மேலே இருந்தது. கை உயர்த்தினால் தொட்டுவிடலாம். தலையால் தொட முடியாது.

"கம்மி நைனா" என்றேன். "முடி அளவு கம்மின்னாலும் கம்மிதானே?"

அவர் உப்புத்தாளை எடுத்து நூற்று ஐம்பது கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். நீல மை மரத்தூளோடு என் தோளில் விழுந்தது. கோடு போனதும் சட்டைப் பையில் கை விட்டார். தொழிற்சாலையில் இருந்து ஒரு பென்சில்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர், அன்று தன் நம்பர் போட்ட பஞ்ச் அச்சைக் கொண்டுவந்திருந்தார். நாற்பத்தேழு புள்ளி ஒன்றில் வைத்து, சுத்தியலால் ஒரே தட்டு.

"பீஸ் சரியாத்தான் வந்துகீது பாப்பா" என்றார். "ட்ராயிங் போட்டவன்தான் தப்பாப் போட்டுட்டான்."

திங்கட்கிழமை அந்தப் பஞ்ச் அச்சைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.