இடதுகைப் புரி

குருபோங் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் பட்டறை சிறியது. பெரிய தொழிற்சாலைகளுக்கு வேண்டிய பிடிப்புகள், தாங்கிகள், நகரும் தட்டுகள் செய்து தருவோம். கணினியில் வரைவது என் வேலை. மஸ்ஜித் தானாவில் இருக்கும் வீட்டிலிருந்து காரில் வந்து உட்காரும்போதே பாதி நாள் முடிந்துவிட்டது போலிருக்கும்.

அன்று வந்த வேலை அலுப்பானதாகத்தான் தெரிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் சின்னச் சின்னப் பாகங்களுக்குப் பசை வைக்கிறார்கள். பாகத்தை ஒரு தட்டில் வைத்து, குமிழைத் திருகினால் தட்டு இடது பக்கம் நகர்ந்து பசை ஊசியின் அடியில் போய் நிற்கும். எதிர்ப்பக்கம் திருகினால் விலகி வரும். குமிழ் வலது பக்கம் இருக்கும். அங்கே வேலை செய்யும் ஓர் அக்காவுக்கு வலது தோள் இறுகிப்போய்விட்டது. அவருக்காக ஒரு தட்டில் மட்டும் குமிழை இடது பக்கம் வைத்துத் தரச் சொன்னார்கள்.

எங்கள் முதலாளி சீனர். பழைய வரைபடத்தை எடுத்து, குமிழை மறுமுனைக்கு மாற்றிவிட்டால் போதும், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

முடிந்திருக்கும். பழைய வரைபடத்தில் திருகுத் தண்டு வெறும் வழவழப்பான கம்பி. அதைச் சுற்றி ஓடும் திருகுப் பள்ளமான புரி இருக்கிறது என்று காட்ட மேலே ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் இந்த முறை, தட்டோடு சேர்ந்து தண்டில் ஓடும் நட்டை முதலில் முப்பரிமாண அச்சுப்பொறியில் பிளாஸ்டிக்காக அச்சடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் வெண்கலத்தில் கடையலாம் என்று முதலாளியே சொல்லியிருந்தார். அச்சடிக்க வேண்டுமானால் புரியை உண்மையாகவே வரைய வேண்டும்.

பத்து மில்லிமீட்டர் தண்டு. ஒரு சுற்றுக்கு இரண்டு மில்லிமீட்டர் நகரும் புரி. பள்ளத்தின் அடியில் தண்டின் விட்டம் ஏழரை. முதலில் தண்டைச் சுற்றிச் சுருள் கோடு ஒன்றைப் போட்டேன். அதன் முனையில் பள்ளத்தின் வடிவத்தை வரைந்தேன்: சரிவகம், இரண்டு சரிவுகளுக்கும் நடுவே முப்பது டிகிரி. அந்தச் சரிவகத்தைச் சுருளின் வழியே இழுத்துத் தண்டை வெட்டினேன். கணினி மூச்சு வாங்கியது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

நட்டுக்கு அதே அளவுகளைப் போட முடியாது. போட்டால் இரண்டுக்கும் நடுவே எண்ணெய்க்குக்கூட இடம் இருக்காது. நட்டின் துளை எட்டு, அதன் பள்ளம் பத்தரை வரை போகும். அப்படி வரைந்து, தண்டின் புரி நட்டின் பள்ளத்தில் சரியாக உட்காரும்படி நகர்த்தி வைத்தேன். பிறகு, குமிழை வலப்பக்கமாக, கடிகார முள் சுற்றுவது போல், திருகினால் தட்டு வலது பக்கம் போக வேண்டும் என்று பழையபடியே கணினிக்குச் சொல்லிச் சுற்றிப் பார்த்தேன்.

நட்டும் தண்டும் ஒன்றையொன்று தின்றுகொண்டு நகர்ந்தன. பாகங்கள் மோதும் இடங்களைக் கணினி சிவப்பில் காட்டும்; திரை முழுக்கச் சிவப்பு. திசையை மாற்றிக் கொடுத்தேன். சிவப்பு போய்விட்டது, புரிகள் ஒழுங்காக ஓடின. ஆனால் குமிழை வலப்பக்கம் திருகினால் தட்டு இடது பக்கம், ஊசியை நோக்கிப் போனது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரணப் புரியில், வலப்பக்கம் திருகினால் நட் எப்போதும் குமிழை நோக்கித்தான் வரும். குமிழ் வலது முனையில் இருந்தவரை அது ஊசியை விட்டு விலகுவதாக இருந்தது. குமிழ் இடம் மாறியதும் அதே திருகல் ஊசியை நோக்கி நகர்வதாகிவிட்டது.

முதலாளியிடம் சொன்னேன். தண்டைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்றார். மேசையில் கிடந்த போல்ட் ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். எப்படிப் பிடித்தாலும் புரி ஒரே பக்கமாகத்தான் சாய்ந்திருந்தது. அவர் அதை வாங்கி இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு, அந்த அம்மா பழகிக்கொள்ளட்டும், மனிதர்களுக்குப் பழகத் தெரியும் என்றார்.

எனக்கும் அப்படியே விட்டுவிடத்தான் ஆசை. வீட்டுக்காரர் தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் ராத்திரி வேலை. நான் போனால்தான் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. ஆனாலும் அளவு எடுக்கிற சாக்கில் அடுத்த நாள் அந்தத் தொழிற்சாலைக்குப் போனேன்.

அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். வலது கை மடியிலேயே கிடந்தது. உடம்பை முழுக்கத் திருப்பி, இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டிக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். குமிழ் இடது பக்கம் போனால் தட்டு எதிர்த்திசையில் நகரும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே வேலை செய்தார்.

"எத்தனை வருஷமா இப்படியே சுத்துறேன் தெரியுமாம்மா? பசை வச்சதும் கை தானா வலப்பக்கம் போயிரும். நான் நினைச்சு சுத்துறது இல்ல."

"புதுசுல அப்படிச் சுத்தினா ஊசியில முட்டும்க்கா."

"முட்டும். ஊசி வளையும். கிழவிக்குக் கை வரலன்னு பேக்கிங்குக்கு அனுப்பிருவாங்க. அங்க பெட்டி தூக்கணும்லா." ஒரு பாகத்தை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். "எனக்குச் சொன்னா புரியும். கைக்கு எப்படிச் சொல்றது?"

திரும்பி வந்து முதலாளியிடம், எதிர்ப்பக்கம் சாய்ந்து சுற்றும் இடதுகைப் புரி வேண்டும் என்றேன். ஊசி வளைந்தால் நம் தட்டைத்தான் குறை சொல்வார்கள் என்றும் சொன்னேன். அது அவருக்கு உறைத்தது. கோலாலம்பூரில் தண்டு விற்பவர்களிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னார். கேட்டேன். சாதாரண வலதுகைப் புரி எவ்வளவு வேண்டுமானாலும் இருந்தது, இடதுகைப் புரி வரவழைக்க வேண்டும் என்றார்கள். காத்திருந்தோம்.

வரைபடத்தில் அந்த மாற்றத்துக்கு ஒரு சொடுக்குப் போதும். சுருள் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று கேட்கும் இடத்தில் மற்றதைத் தேர்ந்தெடுத்தேன், தண்டுக்கும் நட்டுக்கும். புரி சாய்வு மாறியது. குமிழை வலப்பக்கம் சுற்றினேன், தட்டு ஊசியை விட்டு விலகி வலது பக்கம் வந்தது. சிவப்பு எங்கும் இல்லை. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. தலைவலி கொஞ்சம் இறங்கியது.

தண்டு வந்ததும் அச்சடித்த நட்டை மாட்டிப் பார்த்தேன். ஒரு சுற்று போய் இறுகிக்கொண்டது. அச்சில் பிளாஸ்டிக் கொஞ்சம் பருத்துத்தான் வரும். புரியின் சரிவுகளில் முடி கனத்துக்கு இடம் விட்டு மறுபடி அச்சடித்தேன். இந்தத் தடவை நட் தண்டில் ஆட்டம் இல்லாமல், இறுகாமல் ஓடியது. ஓட்டம் சரி என்று தெரிந்தபின், அந்தக் கூடுதல் இடைவெளி இல்லாமல் வெண்கலத்தில் கடையக் கொடுத்தோம்.

தட்டைப் பொருத்திய அன்று நானும் போனேன். அக்கா நாற்காலியை நேராகப் போட்டு உட்கார்ந்தார். பாகத்தை வைத்தார், இடது கையால் திருகினார், பசை வைத்தார். கை தானாக வலப்பக்கம் சுற்றியது. தட்டு விலகி வந்தது. அடுத்ததை வைத்தார், அதற்கடுத்ததை வைத்தார். மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து அவரைப் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பார்த்தேன். இடது கையில் காய்கறிப் பை. தட்டு நன்றாக ஓடுகிறது என்றார். தோள் எப்படி என்று கேட்டேன்.

"அது அப்படியேதாம்மா இருக்கு. இப்ப இந்த மணிக்கட்டும் லேசா வலிக்குது." பையைச் சற்று உயர்த்திக் காட்டினார். "பென்ஷன் வரைக்கும் தாங்கினா போதும்."

பையை வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் மெதுவாக நடந்து, கரும்புச் சாறு வாங்கிக் குடித்தோம்.