பெட்டியை விட்டுப்போன கடிதம்

தி. நகரில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்தேன். காசி யாத்திரைக்கு ஆள் சேர்க்கும் இடம். இரண்டு கணினி, ஒரே மின்னஞ்சல் கணக்கு. ஒன்றில் நான். மற்றொன்றில், பத்து வருடமாக அங்கேயே இருந்த அக்கா. சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

எனக்கு மவுஸைத் தொடாமல் வேலை செய்யும் பழக்கம். அமைப்புகளுக்குள் போய் விசைக்குறுக்குவழிகளை இயக்கிச் சேமித்தேன். ஆங்கில எழுத்து ஜே அடித்தால் அடுத்த மெயில், ஆர் அடித்தால் பதில், ஈ அடித்தால் மெயில் உள்பெட்டியிலிருந்து காப்பகத்துக்குப் போய்விடும். மதியத்துக்குள் என் பங்கு முடிந்துவிடும்.

"பியானோ வாசிக்கிறா பாரு," என்பார் அக்கா, முதலாளி காதுபடவே.

இரண்டு நாளில் கத்த ஆரம்பித்தார். "நான் பதில் எழுதிக்கினே இருக்கேன், மெயிலு காணாமப் பூடுது. நீ அங்கேருந்து இன்னா பண்றே?"

"நான் ஒண்ணும் பண்ணல."

அன்றே கவனித்தேன். பதில் எழுதும்போது, பயணியின் பெயரைப் பார்த்து நகலெடுக்க மேலே இருக்கும் கடிதத்தில் கிளிக் செய்வார். திரும்பப் பதில் கட்டத்துக்குள் கிளிக் செய்யாமலே தட்டச்சைத் தொடர்வார். அப்போது விழும் எழுத்தெல்லாம் கட்டளை. முதல் ஈ விழுந்ததும் கடிதம் காப்பகத்துக்குப் போய்விடும். நான் மாற்றிய அமைப்பு கணக்கு முழுவதற்கும் பொருந்தும் என்பது அப்போதுதான் உறைத்தது. இஸட் அடித்தால் உடனே திரும்பி வரும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லவில்லை. அவர் திணறுவது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வாரம், மேற்கு மாம்பலத்திலிருந்து ஒருவர் போனில் வெடித்தார். முட்டி தேய்ந்த மனைவிக்குச் சக்கர நாற்காலி கேட்டு மெயில் போட்டிருந்தாராம். விமான நிலையத்தில் அப்படி ஏற்பாடே இல்லை. அந்த அம்மா அழுதுகொண்டே நடந்திருக்கிறார்.

அந்த மெயிலைத் தேடும்படி முதலாளி என்னிடம் சொன்னார். அனைத்து அஞ்சல்களிலும் தேடினேன். கடிதம் இருந்தது. அதன் அடியிலேயே அக்காவின் பாதி எழுதிய பதில், வரைவாக. 'உங்கள் மனைவிக்கு நாற்காலி' என்பதோடு நின்றிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்தே சும்மா இருந்ததையும்.

அக்கா கத்தவில்லை. "என்மேல கோவம்னா என்கிட்ட காட்டு. அந்தம்மா உனக்கு இன்னா பண்ணாங்க?" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "வேணாம், நைசா பேசாதே," என்று எழுந்து போனார்.

முதலாளி குறுக்குவழிகளை அணைக்கச் சொன்னார், அணைத்தேன். அந்தத் தம்பதிக்கு நானே போன் செய்தேன். அந்த அம்மா எடுத்தார். நான் யாரென்று சொன்னதும் வைத்துவிட்டார்.

நான் அங்கே வேலையை விடும்வரை அக்கா என்னோடு பேசவில்லை. அவரை எனக்கு இப்போதும் பிடிக்காது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி.