பூனையோடு ஒன்பது கிழமை

பூனையின் காதோரம் இரண்டு ரூபாய் நாணயக் குற்றி அளவில் முடி கொட்டியிருந்ததை முதலில் கண்டது நான்தான். பக்கத்து லயத்துக் கடுவன் பூனையோடு சண்டை போட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். அதற்காக என்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அந்தப் பூனை என் கம்பளிக்குள்தான் படுக்கும். தம்பியின் ஆறு வயது மகளும் அதற்குள் வந்து நுழைந்துகொள்வாள். கல்யாணம் கட்டாத எனக்குத் தம்பி வீட்டில் இருந்தது உள் காம்பராவில் ஒரு கட்டில் மட்டும். அதில் இவ்வளவு கூட்டம் இருந்ததால் வேறெதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

பத்து நாளில் பூனையின் முன்னங்காலிலும் வட்டமாக மொட்டை விழுந்தது. பிள்ளையின் கழுத்தில் சிவப்பாக ஒரு வளையம். நான் பொகவந்தலாவை பஜாரில் புத்தகக் கடையொன்றில் வேலை செய்கிறேன். பக்கத்து மருந்துக் கடையில் அரிப்புக்கு என்று கேட்டு ஒரு கிறீம் வாங்கி வந்து நானே பூசினேன். இரண்டு நாளில் சிவப்பு அடங்கியது. பெரிய வைத்தியச்சி மாதிரி நடந்துகொண்டேன். அப்புறம் அது தோள் வரை படர்ந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் பிள்ளையைப் பார்க்குமுன் அந்த டியூபைத்தான் பார்த்தார். அது வீக்கத்தை அமர்த்தும் மருந்தாம். படர்தாமரைக்கு அதைப் பூசினால் மேலே அடங்கியது போல் காட்டிவிட்டு இன்னும் பரவுமாம். தலைமுடியை விலக்கிப் பார்த்து, தலையில் இல்லை, இருந்தால் குளிசை குடிக்க வேண்டியிருக்கும் என்றார். வளையத்துக்கு வெளியேயும் கொஞ்சம் சேர்த்துப் பூசச் சொல்லி வேறு கிறீம் எழுதினார். மறைந்த பிறகும் சில நாள் பூச வேண்டும் என்றார். கடைசியில், வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்டார்.

பூனையைத் தேயிலை பெக்டரிப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றான் தம்பி. நான் விடவில்லை. கூடையில் போட்டு, பஸ்ஸில் அது கத்திய கத்தலுக்கு எல்லோரும் திரும்பிப் பார்க்க, ஹட்டனில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அந்த அம்மா அறையை இருட்டாக்கி ஒரு நீல விளக்கைப் பிடித்தார். மொட்டையின் ஓரத்து முடிகள் பச்சையாக மினுங்கின. இது புழுவெட்டல்ல, பூஞ்சணம், உதிர்ந்த முடியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று சிங்களத்தில் விளக்கினார். வெளியே விட்டால் இன்னொரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் போகும். ஒரே அறையில் வைத்து, பெரியவர் ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாய்வழியே ஒரு கிழமை, ஏழு நாளும், மருந்து கொடுத்து அடுத்த கிழமை விட வேண்டும், கிழமைக்கு இரண்டு தரம் மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும். முடி முளைத்தாலும் நிறுத்தக்கூடாது. இரண்டு தடவை பரிசோதித்துச் சுத்தம் என்றால்தான் விடுதலை.

தம்பி மனைவியின் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை இருந்தது.

"பூனைய வெரட்டுங்கன்னு சொல்லல அண்ணி. கைப்புள்ள இருக்கு. நீங்களே சொல்லுங்க."

எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் கொழும்புக்கு வேலைக்குப் போய், வீடு பூட்டிக் கிடந்தது. சாவி தம்பியிடம் இருந்தது. அவர்களிடம் போனில் கேட்டுக்கொண்டு, வீறாப்பாகப் பூனையோடு அங்கே போனேன். என் கம்பளியைக் கொளுத்திவிட்டேன்.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருக்கும் லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுச்சுவர் கூரையைத் தொடாது. தம்பி வீட்டுப் பேச்சும் சிரிப்பும் தாளிக்கிற வாசமும் எனக்கு மேலாக வரும். சோறு வாசலில் மூடி வைக்கப்பட்டிருக்கும். பூனையைத் தொட ஒரு பழைய சட்டை வைத்திருந்தேன். கூட்டினால் முடி பறக்கும் என்பதால் தினமும் தரையை ஈரத் துணியால் துடைத்து, பிறகு குளோரின் தண்ணீராலும் துடைத்தேன். கை கழுவி உடுப்பு மாற்றினால் நான் பிள்ளைகளிடம் போகலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தம்பி மனைவிக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. அவளைக் குறை சொல்லமாட்டேன். சொல்லமாட்டேன் என்கிறேனே தவிர, மனதுக்குள் சொல்லாத நாளில்லை.

பொழுது சாய்ந்ததும் சுவருக்கு மேலால் பிள்ளையின் குரல் வரும்.

"அத்தை, பூனை முழிச்சிருக்கா?"

"முழிச்சிருக்கு."

அந்த ஒரு கேள்விக்காகவே கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வருவேன். ஒரு மாதத்துக்குள் பிள்ளையின் தோல் சுத்தமாகிவிட்டது. ஆறாம் கிழமை பூனைக்கும் முடி முளைத்துவிட்டது. கொடுத்துவிடுங்களேன் என்று பிள்ளை அழுதாள். ஹட்டனில் வைத்தியரின் விளக்கில் இன்னும் இரண்டு முடி மினுங்கியது. நான் கொடுக்கவில்லை.

ஒன்பதாம் கிழமை, இரண்டாவது தடவையும் சுத்தம் என்றார் வைத்தியர். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பிள்ளை ஓடிவந்து பூனையைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் துணிமணிகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். உள் காம்பராவில் என் கட்டில் இல்லை. அந்த இடத்தில் ஒரு மேசையும் நாற்காலியும் இருந்தன.

"புள்ளைக்குப் படிக்க எடம் வேணும்ல அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "உங்களுக்குத்தான் அங்க வசதியா இருக்கே."

தம்பி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணி தந்தார்கள், குடித்தேன். பையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கே திரும்பி வந்தேன்.

பொழுது சாய்ந்தது. காத்திருந்து பார்த்துவிட்டு நானே கேட்டேன்.

"பூனை முழிச்சிருக்கா?"

"இருக்கு அத்தை. என் மடியில இருக்கு."

துணியை நனைத்துப் பிழிந்து தரையைத் துடைத்தேன். துடைக்க ஒரு முடிகூட இல்லை.