A எழுதிய பெட்டி

தோப்பும்படிப் பட்டறை முதலாளி அந்த வரைபடத்தோடு மட்டாஞ்சேரியில் என் வீட்டுக்கு வந்தது மழை விடாத ஒரு காலையில். பம்பை நிறுத்தும் வார்ப்புத் தாங்கிகள் பன்னிரண்டும் சரியாக வரவில்லை, மில்லிங் மெஷினில் அவற்றை வெட்டுகிறவர் தென்காசிக்காரர், ஆங்கிலக் குறிப்பு அவருக்குப் புரியவில்லை என்றார். "சாரே, தமிழ்ல எழுதித் தந்தா மதி, அது போதும். இதுவும் போச்சுன்னா ஆளை அனுப்பிடணும்."

ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன் எதற்கு இருக்கிறான் என்று என்னிடம் கடைசியாகத்தான் வருவார்கள். முதலிலேயே வந்திருக்கலாம்.

குறிப்பு மூன்றே வரி. எனக்கு நான்கு தாள் வீணாயின. அடிமுகத்துக்கு A என்று பெயர். சாய்ந்த கட்டக் குறி சமதளத்துக்கு. அதன் பெட்டியில் எழுத்து ஏதும் இல்லை. ஆகவே, 'அடிமுகம் தன்னளவில் சமமாக இருக்க வேண்டும், வேறு முகத்தோடு ஒப்பிட வேண்டாம்' என்று எழுதினேன். குட்டை முகம் அடிமுகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதற்குக் கவிழ்த்த T குறி; அதன் பெட்டியில் நாற்பது மைக்ரான் வரை விடலாம் என்ற அளவும் A-யும் இருந்தன. 'A ஆதார முகம். அதை ஆங்கிள் பிளேட்டில் பொருத்தி, குட்டை முகத்தின் மேல் டயலை ஓட்டிப் பார்க்கவும்.'

மதியம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தென்காசிக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். தாளை இரண்டு முறை படித்துவிட்டு, தான் அளந்த விதத்தைச் சொன்னார்.

அந்தப் பட்டறையில் முதலில் வெட்டிய முகம்தான் எல்லா அளவுக்கும் ஆதாரம். முதலில் வெட்டியது குட்டை முகம். அதைச் செங்கோணமான ஆங்கிள் பிளேட்டில் பொருத்தி, அடிமுகத்தின் மேல் டயலின் முள்ளை ஓட்டியிருக்கிறார். பெட்டியில் இருந்த A அவருக்கு வெறும் பெயர்.

"நான் பார்த்தப்போ நூறு மைக்ரான் காட்டுச்சு, ஐயா."

அடிமுகம் இருநூறு மில்லிமீட்டர் நீளம், குட்டை முகம் நாற்பது. அதே சாய்வு அடிமுகத்தில் நூறு என்றால் குட்டை முகத்தில் இருபதுதான். பன்னிரண்டில் மறுபடி வெட்டாமல் மூன்று மிச்சமிருந்தன. அவரே ஒன்றைத் திருப்பிப் பொருத்தினார். முள் இருபதில் நின்றது, நாற்பதுக்குள். மற்ற இரண்டும் அப்படியே. அடிமுகத்தின் சமதளத்தையும் பார்த்தோம், அதிலும் குறையில்லை.

லேத்தில் நின்றவர் சிரித்தார். "நல்லா இருந்ததைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கெடுத்திருக்கே அண்ணாச்சி."

சரிசெய்யப் போய் அடிப்பக்கத்தை மறுபடி வெட்டியதில் ஒன்பதும் கனம் குறைந்து, வரைபடத்தின் கீழெல்லைக்கும் கீழே போயிருந்தன. வெட்டியெடுத்ததை ஒட்டவைக்கவா முடியும்? அவருக்காக முதலாளியிடம் பேசினேன். குறிப்பைத் தமிழில் முன்பே தந்திருந்தால் இது நடந்திருக்காது என்றேன். அவர் சாயாவை ஆற்றிக்கொண்டே, வார்ப்பு வாங்கின இடத்தில் என்ன சொல்வது என்று இரண்டு முறை கேட்டார்.

சாயங்காலம் தென்காசிக்காரர் பையைக் கட்டிவிட்டு வந்தார். என் தாளை மெஷின் பக்கத்தில், கண் மட்டத்துக்கு, நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினார்.

"அடுத்து வர்றவன் பார்க்கட்டும், ஐயா."

மூன்று நல்ல உருப்படிகளையும் துடைத்து எண்ணெய் தடவி, மேசையில் அடிமுகம் கீழே இருக்கும்படி வைத்தார். பிறகு மழையில் இறங்கிப் போனார்.