இரண்டு முறை மாறிய தட்டுகள்

குட்டி பள்ளிக்கூடம் போய்விட்டால் அந்த வீட்டில் பேச்சு நின்றுவிடும். அவளுடைய அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வது அவள் வழியாகத்தான். "குட்டி, வெண்ணெயை எடுத்து வெளியில வைக்கச் சொல்லு உங்கப்பாவை" என்பாள் அம்மா, அவர் இரண்டடி தள்ளி நிற்கும்போதே. "வச்சாச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார் அவர். "நான் என்ன தபால் பெட்டியா?" என்று குட்டி கத்துவாள்.

அச்சகத்தில் வேலை போனதை மறைத்து, தினமும் சோற்று டப்பாவோடு கிளம்பிப்போய் அவர் பூங்காவில் உட்கார்ந்திருந்தது தெரியவந்த நாளில் தொடங்கியது இது. வேலை போனதற்கு அம்மா அழவில்லை. விடிகாலையில் எழுந்து கட்டிக்கொடுத்த அந்த டப்பாவுக்குத்தான் அழுதாள்.

அதன்பிறகு வீட்டை அவளுடைய பிஸ்கட்தான் இழுத்தது. தெருவில் எல்லோருக்கும் அவள் பிஸ்கட் அக்கா. ஆனால் தெருக்காரர்கள் வாங்குவதை நம்பி உலை வைக்க முடியுமா? மருத்துவமனை கேண்டீன் நடத்தும் அம்மாளிடம் போனாள். முதலில் அனுப்பியது அப்படியே திரும்பி வந்தது. "ஒண்ணு கரி, ஒண்ணு சுண்ணாம்பு. ஒரே வயித்துல பொறந்ததுன்னு சொன்னா யார் நம்புவா?" என்றாள் அந்த அம்மாள். கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வாய்ப்பு வாங்கினாள். இன்று மதியத்துக்குள் இரண்டு தட்டு. ஒரே நிறமாக இருந்தால் தினசரி ஆர்டர். இல்லாவிட்டால் வேறு ஆள்.

தப்பு எங்கே என்று அவளுக்கு இப்போது தெரியும். அது வீட்டு ஓவன். சூடு தரும் கம்பி மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டு தட்டை ஒன்றாக வைத்தால் ஒன்றுக்கு ஒன்று மறைப்பு. மேல்தட்டு பிஸ்கட்டுக்கு முகம் சிவக்கும், கீழ்த்தட்டு பிஸ்கட்டுக்கு அடி கருகும். அதனால் பாதி வெந்ததும் மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் மாற்ற வேண்டும். பின்பக்கம் சூடு அதிகம் என்பதால் தட்டை முன்பின்னாகவும் திருப்ப வேண்டும். இதைக் கைப்பாடமாக்கி வைத்திருந்தாள்.

தட்டுகளை உள்ளே தள்ளிய சிறிது நேரத்தில் கேண்டீனிலிருந்து போன் வந்தது. வீட்டுக்குள் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும், பால்கனிக்கு ஓடினாள்.

"ஏம்மா, நம்பி இருக்கலாமா? இல்ல, பழையபடி சுண்ணாம்புதானா?"

"இல்லம்மா, இந்தத் தடவை நீங்களே பாருங்க."

பேசி முடித்துத் திரும்பும்போது கடிகாரத்தைப் பார்த்தாள். பாதி நேரம் தாண்டிவிட்டது. பதறிப்போய்க் கதவைத் திறந்தாள். ஓவனுக்குள் விளக்கு எரியாமல் போய் மாதங்கள் ஆகின்றன. சூட்டுக்காற்று அடித்து மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது. சூடு வெளியேறுவதற்குள் தட்டுகளைத் தடவி எடுத்து, மேல் கீழாக மாற்றி, முன்பின்னாகத் திருப்பிச் சாத்தினாள். அப்பாடா என்றிருந்தது.

வெளியே எடுத்தபோது அந்த அப்பாடா செத்தது. மேல்தட்டில் வந்தவை செங்கல். கீழ்த்தட்டில் வந்தவை மேலே வெள்ளை. ஒன்றைப் புரட்டினால் அடியில் கரி. போன தடவை அச்சு அசலாக இப்படித்தான்.

கூடத்தில் நின்ற கணவரைப் பார்த்தாள். பல வாரங்களுக்குப் பிறகு நேராகக் கேட்டாள்.

"நீங்க தொட்டீங்களா?"

"நீ போன்ல இருந்தே. பாதி ஆச்சேன்னு மாத்திவச்சேன். உன்னை மாதிரியே திருப்பியும் வச்சேன்."

"நானும் மாத்தினேன்."

அவர் முகம் தொங்கிப்போனது.

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"யார்கிட்ட சொல்றது? குட்டி பள்ளிக்கூடத்துல இருக்கா."

கிண்டலுக்குச் சொல்லவில்லை அவர்.

இருவரும் உட்கார்ந்து கருகிய அடிகளைத் துருவியில் மெல்லத் தேய்த்தார்கள். கரி உதிர்ந்தது, கூடவே பிஸ்கட்டும் உடைந்தது. தேறியவற்றை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். கேண்டீன் அம்மாள் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, எடுத்த எடுப்பில் புரட்டினாள்.

"இது என்னம்மா, சவரம் பண்ணி கூட்டிட்டு வந்திருக்கே?"

சமையல்காரர் சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது.

"இன்னும் ஒரே ஒரு தடவை..."

"கோவிச்சுக்காதே. வேற ஆளுக்குச் சொல்லிட்டேன்."

அவள் திரும்பியபோது அவர் வாசலிலேயே நின்றார். கனம் குறையாத கூடையைப் பார்த்துவிட்டு வாங்கி உள்ளே வைத்தார்.

சாயங்காலம் குட்டி வந்து பையை எறிந்தாள்.

"குட்டி, உங்கப்பாகிட்ட..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அவர் பக்கம் திரும்பினாள்.

"மாவு எவ்வளவு இருக்கு?"

டப்பாவைச் சாய்த்துப் பார்த்தார். "ஒரு தட்டுக்கு வரும்."

"ஒரு தட்டுன்னா நடுவுல வச்சாப் போதும்," என்றாள் அவள். "மாத்தவே வேண்டியதில்ல."