பூதத்தானுக்குப் போட்ட மூன்று ஊசி

தாராவி தோல் கிடங்கில் பூதத்தான் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பதினாறு வருசமாக ஊறல் தொட்டியில் இறங்கி ஆட்டுத்தோல் மிதிக்கிற ஆள். அந்த முகத்தை ஒருநாளாவது சிரிக்க வைத்துவிடுவது என்று நம்பிராஜன் சபதம் போட்டிருந்தான். நம்பிக்குத் தோல் சீவுவது வேலை, கோமாளித்தனம் பதவி.

பூதத்தானுக்கு ஊசியென்றால் மட்டும் உயிர் போகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திமூன்றில் முதலாளி டாக்டரை வரவழைத்து எல்லாருக்கும் ரணஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, தடுப்பூசி போடச் சொன்னார். இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று. மூன்றும் போட்டால்தான் உடம்பு அந்த விஷத்தை எதிர்க்கப் பழகும். அப்புறமும் சில வருசத்துக்கொரு முறை ஞாபகப்படுத்த ஒன்று வேண்டும் என்றார் டாக்டர்.

"ஏலே நம்பி, எனக்கும் சேத்து நீயே போட்டுக்கிடேன்" என்றார் பூதத்தான்.

நம்பிக்கு இதைவிட என்ன வேண்டும்? தன் பெயருக்கு இடது கையை நீட்டினான். பிறகு தலையில் துண்டைக் கட்டி, நொண்டிக்கொண்டே மறுபடி வரிசைக்கு வந்து, பூதத்தான் என்று சொல்லி வலது கையை நீட்டினான். கம்பவுண்டர் கையைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று தவணையும் இப்படியே. பூதத்தான் அட்டையில் மூன்று முத்திரை. கிடங்கே வயிறு வலிக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த ஆனி மழையில், தோலை அறைந்து காயவைக்கும் பலகையின் துருப்பிடித்த ஆணி அவர் குதிகாலில் ஆழமாக இறங்கியது. கிடங்கில் காயத்துக்கு ஒரே வைத்தியம்தான்: ஆவாரம்பட்டைத் தண்ணீரில் முக்குவது. தோலைக் கெட்டிப்படுத்துகிற தண்ணீர் புண்ணையும் கெட்டிப்படுத்தும் என்று கணக்கு. மூன்றே நாளில் குதிகால் அழகாக மூடிக்கொண்டது. உள்ளே சேறும் தோல்மயிரும் காற்றுப்படாமல் கிடந்தன. ரணஜன்னிக் கிருமிக்குப் பிடித்த இடமே அதுதான்.

மனைவி சொர்ணம்மாள் விடவில்லை. நம்பி தோள்கொடுக்க, தர்மாஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். புண்ணைத் திறந்து கழுவணும் என்றார் அங்கிருந்த டாக்டர். பூதத்தான் காலை இழுத்துக்கொண்டார். தடுப்பூசி போட்டதுண்டா என்று கேட்டதும் அட்டையை நீட்டினார். மூன்று முத்திரை, கடைசியது ஒரு வருசம்கூட ஆகவில்லை. அப்படியானால் ஊசி வேண்டாம், நாளைக்கு வந்து கழுவிக்கொள்ளும் என்று அனுப்பிவிட்டார். அட்டை பொய் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் பயத்தில் பேசவில்லை. இன்னொருவன் கண்ணடித்தான். மறுநாள் பூதத்தான் போகவுமில்லை.

ஆணி ஏறிய ஒன்பதாம் நாள் நம்பி முதலாளி மாதிரி வயிற்றைத் தள்ளி நடந்து காட்டினான். பூதத்தான் வாய் இருபக்கமும் இழுபட்டது, பல் தெரிந்தது. கிடங்கே திரும்பிப் பார்த்தது. ஜெயித்துவிட்டேன் என்று நம்பி குதித்தான். சிரிப்பு போகவில்லை. புருவம் ஏறியே இருந்தது. டீயை வாயருகே கொண்டுபோனார், பல் திறக்கவில்லை. டீ தாடையில் வழிந்து மார்பில் இறங்கியது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அனந்தநாராயணன், மாட்டுங்காத் தமிழர், அட்டையைப் பார்த்துத் தயங்கினார். மூன்று ஊசியும் போட்டவருக்கு ரணஜன்னி எப்படி, கடைவாயில் சீழ் வைத்திருக்குமோ என்று வாய்க்குள் டார்ச் அடிக்கப் பார்த்தார்.

"அந்த ஊசியெல்லாம் அவரு கையில போட்டதில்ல டாக்டர்" என்றான் நம்பி. "இந்தக் கையில." வலது சட்டைக்கையைச் சுருட்டினான், ஏதோ இன்னும் தெரியும்போல.

டாக்டர் அவனைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த விஷமுறிவுச் சீரத்தை முதலில் ஒரு துளி தோலுக்கடியில் போட்டுச் சோதித்து, பிறகு முழுசாக ஏற்றினார்கள். குதிகாலைத் திறந்து, செத்த சதையை வெட்டிக் கழுவினார்கள். பெனிசிலினும் போட்டார்கள். ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைத்தான் சீரம் பிடிக்கும், நரம்புக்குள் புகுந்ததைப் பிடிக்காது என்றார் டாக்டர். தசையிடம் 'போதும், விடு' என்று சொல்கிற நரம்பை அந்த விஷம் வாயடைத்துவிடும். அது வாரக்கணக்கில் தானாகத்தான் தீரும். அதுவரை மூச்சைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை.

ஜன்னலுக்குக் கறுப்புத்துணி. கதவு தட்டினால் போதும், பூதத்தான் உடம்பு வில்லாய் வளையும். நினைவோ தெளிவாக இருக்கும். ஒவ்வொரு இழுப்பும் அவருக்குத் தெரியும். தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குக் குழாய், மூக்கில் கஞ்சிக்கும் மருந்துக்கும் ஒன்று. சில மணிக்கொரு தரம் தூக்கமருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்து, அது பிடித்த பிறகே சளி உறிஞ்சுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாவற்றையும் ஒரே தடவையாகச் செய்வார்கள்.

சொர்ணம்மாளுக்கு மாற்றாள் நம்பிதான். தாராவியிலேயே பெரிய சத்தக்காரன் வெறுங்காலோடு நடந்தான். வாளிப்பிடியில் துணி சுற்றினான். ஒருநாள் தும்மிவிட்டான். உடம்பு வளைந்து அடங்குவதை நின்று பார்த்தான். அப்புறம் தும்மல் வந்தால் வராந்தாக் கோடிக்கு ஓடினான்.

ஐந்தாம் வாரம் தாடை விட்டது. இழுத்த இழுப்பில் முதுகெலும்பு ஒன்று நொறுங்கியிருந்தது. தொட்டியில் இனி இறங்க முடியாது.

இந்த நோய் வந்து போனாலும் உடம்பு அதை எதிர்க்கப் பழகாது, ஊசியை முதலிலிருந்து ஆரம்பிக்கணும் என்று நர்ஸ் வந்தாள். நம்பி சுவரைப் பார்த்து நின்றான்.

பூதத்தான் தானே சட்டைக்கையைச் சுருட்டினார். கழுத்தில் இன்னும் மூடாத துளையை விரலால் பொத்திக்கொண்டு, கரகரத்த குரலில் சொன்னார்:

"நம்பி, இத நானே போட்டுக்கிடுதேன். நீ அங்கன நில்லு."