பெட்டிக்குள் அடங்காத கணக்கு

எனக்குக் கணக்கு வரும் என்று நம்பி ஏமாந்தவர்களில் முதல் ஆள் நான்தான்.

டவுணில் பல வருடம் ப்ளஸ் டூ டியூஷன் எடுத்தேன். அந்தப் பாடத்தில் கன அளவு என்றால், வளைவரையை அச்சைச் சுற்றிச் சுழற்றுவது, தொகையீட்டுக்கு முன்னால் π போடுவது. போட்டுப் போட்டு, பிள்ளையார் சுழி மாதிரி என் கை தானாகவே அதைப் போடும்.

டியூஷனில் கடைசியாக மிஞ்சியவை இரண்டு பெஞ்சும் ஒரு மின்விசிறியும். ஆகவே, வளைகுடாவில் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வகுப்பெடுக்கும் மேலப்பாளையம் சென்டர் ஒன்றில் வேலை கேட்டுப் போனேன். ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். தலைப்பு, சுழற்றாத திண்மங்கள்: அடியில் ஒரு வட்டம், அதன் நாண் ஒவ்வொன்றின் மேலும் செங்குத்தாக ஒரு சதுரம்.

அசத்திவிட வேண்டும் என்று தெர்மாகோலைச் சதுரம் சதுரமாக வெட்டி, வரிசையாக ஒட்டி, பக்கத்துக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உள்ள அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

எதிரே சென்டர் நடத்தும் மேடம். பின்வரிசையில் இயற்பியல் எடுக்கும் அண்ணாச்சி, வாயில் பாக்கோடு.

"வட்டத்தின் ஆரம் ஆறு. சதுரத்தின் பக்கம் 2√(36−x²). பரப்பு 4(36−x²). −6 முதல் 6 வரை தொகையிட்டால்..." என்று முழங்கியபடி போர்டில் எழுதினேன். விடை ஏறக்குறைய 3619 கன சென்டிமீட்டர். கோடு போட்டு முடித்துக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

"சார், அந்தப் பெட்டி எவ்வளவு கொள்ளும்?" என்றார் மேடம்.

"பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. 1728 மேடம்!" அதையும் பெருமையாகவே சொன்னேன்.

"ஏ வே," என்றார் அண்ணாச்சி, "பெட்டியவிடப் பெருச பெட்டிக்குள்ள அடச்சிக் கொண்டாந்திருக்கேரே! அந்த வித்தைய எனக்கும் சொல்லும். டவுண் பஸ்ல போவையில ஒதவும்."

திரும்பிப் பார்த்தேன். தொகையீட்டுக்கு முன்னால் π கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. சதுரத்துக்கு எங்கிருந்து வந்தது π? அழித்தேன். 1152. பெட்டிக்குள் ஒழுங்காக அடங்கியது.

"சரி, அதே வட்டம். சதுரத்துக்குப் பதிலா அரைவட்டம் நிக்குது. நாண்தான் விட்டம்," என்றார் மேடம்.

சூடு கண்ட கை, இந்த முறை π-ஐ விட்டுவிட்டே எழுதியது.

"இங்கன போடும்வே, இது வட்டம்லா!" அண்ணாச்சிக்கே பொறுக்கவில்லை.

ஆரம் √(36−x²), வட்டப் பரப்பில் பாதி, தொகையிட்டால் 144π. அட, ஆறு சென்டிமீட்டர் ஆரமுள்ள பந்தில் சரிபாதி! இந்த முறை நானே முந்திக்கொண்டு, "நானூற்றைம்பத்திச் சொச்சம் மேடம், பெட்டிக்குள்ள அடங்கும்," என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. தெர்மாகோலைப் பொறுக்கிக்கொண்டு வாசல்வரை போய், வெட்கத்தை விட்டுத் திரும்பிக் கேட்டேன்: "அப்போ... நாளைக்கு வகுப்புக்கு வரலாமா மேடம்?"

"வாங்க, பெட்டியோட."